கமிஷன் உயர்வுக்குப் பதில் சம்பள உயர்வு கேட்கிறீர்களா? மெயிலில் கணக்கு எழுதுங்கள்

காரைக்குடிப் பக்கத்துக் கடைகளுக்குச் சம்பளப் பட்டியலும் பி.எஃப். கணக்கும் பார்க்கிறேன். விற்பனைப் பிள்ளைகள் முதலாளிக்கு அனுப்பும் மெயில்கள் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகின்றன. போன வாரம் வந்ததும் அதே ரகம்: வாடகை ஏறிவிட்டது, தங்கைக்குக் கல்யாணம், பார்த்துச் செய்யுங்கள். முதலாளி "கஷ்டம் யாருக்குத்தான் இல்லை" என்று ஒதுக்கிவிட்டார். இத்தனைக்கும் அந்தத் தம்பி கேட்டது நியாயமான தொகை.

டைல்ஸ் விற்கிறார். நிலையான சம்பளம் 12,000. வசூலான பில்லுக்கு 2 சதவீதம் கமிஷன். ஆண்டுக்கு 72 லட்சம் விற்பதால் கமிஷனும் மாதச் சராசரி 12,000 வருகிறது. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் குடிபுகுவதில்லை. அந்த மாதங்களில் கமிஷன் 4,000க்கு இறங்கிவிடும், வீட்டு வாடகை இறங்காது. கமிஷனை 3 சதவீதமாக்க முதலாளி தயார். தம்பிக்கோ கமிஷன் அப்படியே இருந்து, சம்பளம் 16,000 ஆனால் போதும்.

"நிலையான சம்பளம் கேட்பவன் விற்க மாட்டான்" என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். கமிஷனை விட்டுவிடுகிறேன் என்று இவர் சொல்லவே இல்லையே! கணக்குப் பாருங்கள். ஒரு சதவீதம் கூட்டினால் முதலாளிக்கு ஆண்டுச் செலவு 72,000. சம்பளத்தில் 4,000 கூட்டினால் 48,000. பி.எஃப். உச்சவரம்பு 15,000 என்பதால் கூடுதலாக 3,000க்குத்தான் 12 சதவீதம் கட்ட வேண்டும், அது ஆண்டுக்கு 4,320. மொத்தம் 52,320. விற்பனை ஏறத்தாழ 52 லட்சத்துக்குக் கீழே போனால்தான் முதலாளிக்கு நஷ்டம். தம்பிதான் சராசரியில் மாதம் 2,000 விட்டுக்கொடுக்கிறார்.

அவருக்கு என்ன லாபம்? கமிஷன் பொதுவாக பி.எஃப்., கிராஜுவிட்டி கணக்கில் சேராது, அடிப்படைச் சம்பளம் சேரும். வீட்டுக் கடனுக்கு வங்கி முதலில் பார்ப்பதும் நிலையான வருமானத்தைத்தான்.

அந்த மெயில் இப்படி இருந்திருக்க வேண்டும்:

"வணக்கம் ஐயா. கமிஷனை 3 சதவீதமாக்கலாம் என்றீர்கள், நன்றி. அதற்குப் பதிலாக அடிப்படைச் சம்பளத்தை 16,000 ஆக்கி, கமிஷனை 2 சதவீதத்திலேயே வைக்க முடியுமா? 72 லட்சம் விற்பனைக்கு இரண்டு வழியிலும் ஆகும் செலவை இணைத்திருக்கிறேன். ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்தால் உதவியாக இருக்கும். நேரில் பேச எப்போது வரட்டும்?"

அவ்வளவு போதும். வேறு கடையில் கூப்பிடுகிறார்கள் என்று மிரட்டாதீர்கள். வெறுமனே "சம்பளம்" என்று எழுதாமல் "அடிப்படைச் சம்பளம்" என்றே எழுதுங்கள், இல்லாவிட்டால் படி என்று பெயர் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம், பில் போட்டு இன்னும் வசூலாகாத பழைய ஆர்டர்களின் கமிஷன் உங்களுக்கு உண்டு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

முதலாளி "சரி, பார்க்கலாம்" என்றால் அது இன்னும் சம்மதம் இல்லை, தம்பிகளா. புதுச் சம்பளக் கடிதம் கைக்கு வரும்வரை கடன் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.