உள்ளகப் புகார் குழு: ஆணையில் கோட்டைவிடும் இடங்கள்

“மனிதவள மேலாளர் தலைமையில், பெண் ஊழியர்களின் புகார்களை விசாரித்து நடவடிக்கை எடுக்க, மறு உத்தரவு வரும் வரை ஒரு குழு அமைக்கப்படுகிறது.”

பார்வைக்கு ஒழுங்கான ஆணைதான். ஆனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தொடர்பான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் இது நிற்காது.

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். அலுவலகம் மதுரை நகருக்குள், ஆலை கப்பலூரில். இரண்டு இடத்துக்கும் தனித்தனிக் குழு வேண்டும். நகரத்துக் குழுவே ஆலையையும் பார்த்துக்கொள்ளும் என்று எழுத முடியாது.

குழுவின் தலைமை அலுவலர் உயர்பொறுப்பில் உள்ள பெண் ஊழியராக இருக்க வேண்டும். ஆலையில் அப்படி ஒருவர் இல்லையென்றால் நகர அலுவலகத்திலிருந்து நியமிக்கலாம். அவரோடு ஊழியர்களில் குறைந்தது இருவர், பெண்கள் நலனுக்காக இயங்கும் அமைப்பிலிருந்தோ இந்தச் சிக்கல்கள் தெரிந்தவர்களிலிருந்தோ வெளியாள் ஒருவர். மொத்தத்தில் பாதிப்பேராவது பெண்கள். பதவியை மட்டும் போடாமல் பெயர், பதவி, பணியாளர் எண் மூன்றையும் எழுதுங்கள். “மனிதவள மேலாளர்” என்று மட்டும் போட்டால், அவர் மாற்றலாகிப் போன மறுநாள் உறுப்பினர் யார் என்பதிலேயே தகராறு வரும். “வெளி உறுப்பினர் பின்னர் சேர்க்கப்படுவார்” என்பதும் வேண்டாம். அவர் இல்லாமல் குழுவே அமையவில்லை. அவருடைய சம்மதக் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஆணையில் கையெழுத்திடுங்கள்.

அடுத்தது ஒருங்கிணைப்பாளர். இந்தச் சட்டத்தில் அப்படி ஒரு பதவியே கிடையாது. பழக்கத்தில் போட்டே தீருவோம் என்றால், உறுப்பினர்களில் ஒருவரைக் குறித்து, “கூட்ட அறிவிப்பு அனுப்புதல், கோப்பைப் பூட்டிப் பாதுகாத்தல் மட்டும்” என்று வேலையை வரையறுத்துவிடுங்கள். விசாரணைக்குத் தலைமை அலுவலர் உட்பட மூவராவது உட்கார வேண்டும். தலைமை அலுவலர் விடுப்பில் போனால் ஒருங்கிணைப்பாளர் நடத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

பணி வரம்பில் “நடவடிக்கை எடுக்க” என்ற சொல்தான் பெரிய வம்பு. குழு விசாரிக்கும், பரிந்துரைக்கும். நடவடிக்கை நிர்வாகத்தின் பொறுப்பு. அதனால் இப்படி எழுதலாம்: “மேற்படி சட்டத்தின்கீழ் வரும் புகார்களை 90 நாட்களுக்குள் விசாரித்து முடித்து, முடிந்த 10 நாட்களுக்குள் அறிக்கையைப் பரிந்துரையுடன் நிர்வாகத்துக்கு அளிக்கும்.” சம்பளத் தகராறு, ஷிப்டு மாற்றம் போன்றவற்றை இதில் நுழைக்காதீர்கள்.

பதவிக்காலம் நியமன நாளிலிருந்து 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. “மறு உத்தரவு வரும் வரை” என்பதை அடித்துவிட்டு “1.7.2025 முதல் 30.6.2028 வரை” என்று தேதி போடுங்கள். நடுவில் ஒருவர் விலகினால் அந்த இடத்துக்குப் புதிய நியமன ஆணை தேவை. பழைய குழு இருந்தால் அதன் ஆணை எண்ணையும் தேதியையும் சொல்லி, எந்த நாளிலிருந்து ரத்து என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால் ஒரே ஆலையில் இரண்டு குழு இருப்பதுபோல் ஆகிவிடும்.

ஆணை நகல் ஒவ்வோர் உறுப்பினருக்கும் போக வேண்டும். இன்னொன்று, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். ஆலையில் அது மேலாளர் அறைச் சுவர் அல்ல, வருகைப் பதிவு செய்யும் வாசல்.