138 கிரெடிட் இருந்தும் பட்டம் இல்லை: சி.பி.சி.எஸ். கணக்கு

களியக்காவிளையிலிருந்து ஒரு தந்தை மகளின் மதிப்பெண் பட்டியல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு எங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு வந்திருந்தார். மகள் பி.காம். முடித்திருந்தாள். "மொத்தம் 140 கிரெடிட். இவளிடம் 138 இருக்கிறது. இரண்டு குறைந்ததற்கா சார் பட்டம் இல்லை என்கிறார்கள்?" என்று கேட்டார். அந்த இரண்டு எது என்று பார்த்தேன். முதல் செமஸ்டரில் விட்ட அடிப்படைத் தமிழ்த் தாள்.

சி.பி.சி.எஸ். என்று மாணவர்கள் சொல்லும் விருப்பத் தெரிவு கிரெடிட் முறை, பலரும் நினைப்பதுபோல ஒரே உண்டியல் அல்ல. ஐந்து தனித்தனி உண்டியல்கள். ஒன்றில் நிறைந்து வழிவதை எடுத்து இன்னொன்றில் போட முடியாது. இது புரிந்துவிட்டால் மற்றக் கணக்கெல்லாம் எளிது.

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட். நம் குமரி மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அவற்றில் தன்னாட்சிக் கல்லூரிகள் சிறு மாற்றங்கள் செய்துகொள்ளலாம் என்பதால் உங்கள் கல்லூரிக் கையேட்டைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். மாதிரியின்படி பகுதி 1 மொழிப்பாடம், 12 கிரெடிட். பகுதி 2 ஆங்கிலம், அதற்கும் 12. பகுதி 3 தான் நீங்கள் சேர்ந்த துறையின் பாடம், 92. பகுதி 4 திறன் பாடங்களும் பொதுப் பாடங்களும், 23. பகுதி 5 என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணி, ஒன்றே ஒன்று.

இணையத்தில் 120 என்ற எண்ணையும் பார்த்திருப்பீர்கள். அது பல்கலைக்கழக மானியக் குழுவின் புதிய பாடத்திட்டச் சட்டகத்தில் மூன்றாண்டுப் படிப்புக்குச் சொல்லப்பட்டது. நம் ஊர் மதிப்பெண் பட்டியலை அதை வைத்துக் கணக்கிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

பகுதி 3-க்குள் இரண்டு வகைப் பாடங்கள் உள்ளன. கோர் என்பது அந்தப் பட்டம் வாங்க யாராக இருந்தாலும் படித்தே தீர வேண்டிய தாள். எலெக்டிவ் என்பது அதற்குத் துணையானது. முன்பு அலைடு என்று சொன்ன பாடங்கள் இப்போது பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் வருகின்றன. பெயரில் விருப்பம் இருந்தாலும், எந்த எலெக்டிவை நடத்துவது என்பதைப் பல இடங்களில் ஆசிரியர் எண்ணிக்கையைப் பார்த்துத் துறையே முடிவுசெய்துவிடுகிறது. மாணவர் உண்மையிலேயே தெரிவுசெய்யும் இடம் பகுதி 4-இல் முதல் இரண்டு செமஸ்டர்களில் வரும், வேறு துறையிலிருந்து எடுக்கும் நான்-மேஜர் எலெக்டிவ் என்ற என்.எம்.இ. தாள். கணித மாணவி வணிகவியல் துறை நடத்தும் தாளை எடுக்கலாம். இடம் நிரம்புவதற்குள் பெயர் கொடுக்க வேண்டும். பகுதி 4-இல் மற்றவை அடித்தளப் பாடம், திறன் மேம்பாட்டுத் தாள்கள், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, இன்டர்ன்ஷிப் ஆகியவை.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளில் பலர் மலையாளம் படித்து வருகிறார்கள். பகுதி 1-இலும் மலையாளமே எடுக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழே படிக்காமல் பகுதி 1-இல் வேறு மொழி எடுத்தவர் என்.எம்.இ.க்குப் பதிலாக அடிப்படைத் தமிழ் எழுத வேண்டும். பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவருக்குச் சிறப்புத் தமிழ். பகுதி 1-இல் தமிழ் எடுத்தவருக்கு மட்டுமே என்.எம்.இ. சேரும்போதே இதைச் சரியாகக் குறிப்பிடாவிட்டால் பின்னால் அலைச்சல்.

இனி ஒரு செமஸ்டரை எண்ணிப் பார்ப்போம். முதல் செமஸ்டரில் தமிழுக்கு 3 கிரெடிட், ஆங்கிலத்துக்கு 3, இரண்டு கோர் தாள்களுக்கு ஐந்தைந்து, எலெக்டிவுக்கு 3, என்.எம்.இ.க்கு 2, அடித்தளப் பாடத்துக்கு 2. மொத்தம் 23. அடுத்த ஐந்து செமஸ்டர்களிலும் முறையே 23, 22, 25, 26, 21. கூட்டினால் 140.

மானியக் குழுவின் பொது இலக்கணப்படி, வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுவதும் நடந்தால் ஒரு கிரெடிட். செய்முறை வகுப்பென்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஆனால் நம் கால அட்டவணையை வைத்துக்கொண்டு இதைச் சரிபார்க்கப் போனால் இடிக்கும். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஐந்து மணி, ஆக 30 மணி நேரம், கிரெடிட்டோ 23. முதன்மையான காரணம் மொழிப்பாடங்கள். தமிழுக்கு வாரம் ஆறு மணி நேரம், கிரெடிட் மூன்று. இரண்டு மணி நேர என்.எம்.இ.க்கு இரண்டு. ஆறு மணி நேரம் தமிழுக்கு ஒதுக்கிவிட்டு அதன் எடையைப் பாதியாக்கியது எனக்கு உவப்பானதல்ல. எப்படியாயினும், மணி நேரத்தை எண்ணிக் கிரெடிட்டைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். பாடத்திட்டத்தில் தாளுக்கு எதிரே அச்சிட்டிருக்கும் எண்தான் செல்லும்.

ஒரு பி.எஸ்ஸி. கணித மாணவர் முதல் செமஸ்டரில் தமிழில் 68, ஆங்கிலத்தில் 55, முதல் கோரில் 72, இரண்டாம் கோரில் 34, எலெக்டிவில் 60, என்.எம்.இ.யில் 81, அடித்தளப் பாடத்தில் 70 வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சிக்கு 40 வேண்டும். இரண்டாம் கோர் போய்விட்டது. 34 வாங்கினாரே, ஐந்தில் ஒன்றிரண்டாவது தரலாம் அல்லவா என்றால், இல்லை; கிரெடிட் முழுதாகக் கிடைக்கும், அல்லது கிடைக்காது. 23-இல் அவருக்கு 18.

அரியர் எழுதி அந்தத் தாளில் 46 எடுத்தால் ஐந்தும் சேர்ந்துவிடும். பிறகு சராசரி. மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்து, கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். இவருக்கு 144.1-ஐ 23-ஆல் வகுத்தால் 6.27 வருகிறது. பகுதி 3-ஐ மட்டும் எடுத்தால் 77-ஐ 13-ஆல் வகுக்க வேண்டும், 5.92 தான். என்.எம்.இ.யின் 81 மொத்தச் சராசரியைத் தூக்கிவிட்டது, துறைப் பாடத்தின் சராசரியைத் தொடவில்லை. முதுகலைச் சேர்க்கையில் பெரும்பாலும் பகுதி 3-ஐத்தான் பார்ப்பார்கள் என்பதால் இந்த வேறுபாடு சின்னதல்ல.

ஆக, சராசரிக்கு வரும்போது ஐந்து கிரெடிட் தாள் பெரியது, இரண்டு கிரெடிட் தாள் சிறியது. பட்டத்துக்கு வரும்போது இரண்டும் ஒன்றுதான். விரிவாக்கப் பணியின் ஒற்றைக் கிரெடிட் விடுபட்டாலும் கதவு திறக்காது. ஒவ்வொரு மதிப்பெண் பட்டியல் வந்ததும் மொத்தத்தைப் பார்க்காமல், ஐந்து பகுதிகளுக்கும் தனித்தனிக் கோடு போட்டு வாங்கியதைக் குறித்து வாருங்கள். ஐந்தாம் செமஸ்டர் முடிவதற்குள் பகுதி 4-இல் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், ஆறாம் செமஸ்டர் தேர்வுக் கட்டணத்தோடு அரியருக்கும் கட்டிவிடலாம்.

களியக்காவிளைப் பெண் அந்தத் தாளுக்கு ஐந்து செமஸ்டரும் கட்டணம் கட்டவில்லை. கோர் தாள் அல்லவே என்று விட்டுவிட்டாளாம். நவம்பரில் எழுதித் தேறினாள். அதற்குள் அந்த ஆண்டின் எம்.காம். சேர்க்கை முடிந்திருந்தது.