அடுத்தவர் கேபிளை அறுத்தார், ஆலை நின்றது: எந்த நஷ்டத்துக்குப் பணம் வரும்?

இங்கிலாந்தில் சாலை தோண்டுபவர் கவனக்குறைவாக மின்கேபிளை அறுத்து உங்கள் ஆலை நின்றுபோனால், நஷ்டம் முழுவதும் கிடைத்துவிடாது. உங்கள் பொருளோ இயந்திரமோ கெட்டால் அந்தச் சேதத்துக்கும், அந்தச் சேதத்தால் போன லாபத்துக்கும்தான் பணம். எதுவும் கெடாமல் வேலை மட்டும் நின்றால் அது வெறும் பண நஷ்டம், கேட்டாலும் வராது.

இதற்கு அடிப்படை 1972-ல் தீர்ப்பான ஸ்பார்ட்டன் ஸ்டீல் வழக்கு. பர்மிங்காம் ஆலையில் பதினான்கரை மணி நேரம் மின்சாரம் இல்லை. உலையில் இருந்த உலோகம் கெட்டதற்கு 368 பவுண்டும், அந்த உலோகத்தில் வரவேண்டிய லாபம் 400 பவுண்டும் கிடைத்தன. மின்சாரம் இல்லாத நேரத்தில் இன்னும் 4 தடவை உருக்கியிருக்கக்கூடிய உலோகத்தின் லாபம் 1,767 பவுண்டு கிடைக்கவில்லை. மூன்று நீதிபதிகளில் ஒருவர் அதையும் கொடுக்கலாம் என்றார், இருவர் மறுத்தார்கள்.

சரி, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பிளாஸ்டிக் வார்க்கும் ஆலை. திங்கள் காலை கேபிள் அறுகிறது, செவ்வாய் காலை மின்சாரம் வருகிறது. இயந்திரத்துக்குள் உருகியிருந்த பிளாஸ்டிக் இறுகி வீணானது, 3,000 பவுண்டு. அந்தச் சரக்கின் லாபம் 1,000. இறுகியதால் உள்ளே உடைந்த பாகத்தைப் பழுதுபார்க்க 4,000. இவை மூன்றும் கேட்கலாம். திங்கள், செவ்வாய் இடையே போன 8,000 லாபமும், சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொடுத்த 2,000 கூலியும் வராது. ஆனால் மின்சாரம் வந்த பிறகும் பழுதுபார்க்கும் வேலையால் புதன் மாலை வரை இயந்திரம் நின்றதே, அந்த நேரத்து லாபம் 6,000 பவுண்டு சேதத்தால் போனது. அதைக் கேட்கலாம். மொத்தம் 14,000. பலர் இந்த 6,000-ஐ விட்டுவிடுகிறார்கள். மின்சாரம் எப்போது வந்தது, இயந்திரம் எப்போது ஓடியது என்று நேரத்தைக் குறித்து வைக்காததே காரணம்.

"உற்பத்தி நஷ்டம் 24,000" என்று ஒரே வரியில் கடிதம் எழுதாதீர்கள். சாலை தோண்டிய ஒப்பந்தக்காரரின் காப்பீட்டு நிறுவனம் ஸ்பார்ட்டன் ஸ்டீலைக் காட்டி முழுவதையும் தள்ளும், உங்களுக்குச் சேரவேண்டியதும் அதோடு போய்விடும். கெட்ட சரக்கைத் துப்புரவு செய்து தூக்கி எறிவதற்கு முன் படம் எடுங்கள், எடை போடுங்கள்.

அப்புறம், அறுந்த கேபிள் யாருடையது என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். மின்விநியோக நிறுவனத்தின் கேபிள் என்றால் மேலே சொன்னதுதான் விதி. உங்களுக்கே சொந்தமான கேபிள் என்றால் சேதம் உங்கள் சொத்துக்கு, நின்றுபோன நேரத்து லாபமும் கேட்கலாம். விநியோக நிறுவனம் ஒப்பந்தக்காரரைக் கேள் என்னும், ஒப்பந்தக்காரர் காப்பீட்டாரைக் கேள் என்பார், காப்பீட்டார் பதிலே போடமாட்டார். இந்த அலைச்சலில் மாதங்கள் கரையும். வழக்குப் போட பொதுவாக 6 ஆண்டு கெடு.

வராத அந்த 10,000-க்கு உங்கள் சொந்தக் காப்பீடுதான் வழி. ஆனால் தொழில் முடக்கக் காப்பீடு பொதுவாக உங்கள் இடத்தில் சேதம் நடந்தால்தான் பணம் தரும். வெளியே மின்சாரம் தடைப்பட்டாலும் பொருந்தும் என்ற கூடுதல் பிரிவு பத்திரத்தில் இருக்கிறதா, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு அது தொடங்குகிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.