தஹஜ்ஜுத்: பின்னிரவுத் தொழுகை

'தஹஜ்ஜுத்' என்ற அரபுச் சொல்லின் வேர் 'ஹ-ஜ-த'. அதிலிருந்து வரும் 'ஹுஜூத்' என்பதற்கு உறக்கம் என்று பொருள். 'தஹஜ்ஜுத்' என்றாலோ உறக்கத்தை உதறி எழுவது. இஷாவுக்குப் பிறகு தொழும் உபரித் தொழுகை எதுவாயினும் 'கியாமுல் லைல்', அதாவது இரவுத் தொழுகை. அதிலும் தூங்கி எழுந்து தொழுவதைத்தான் பெரும்பாலான அறிஞர்கள் தஹஜ்ஜுத் என்கிறார்கள். இரவு 11 மணிக்குத் தூங்காமலேயே தொழுவதும் நன்மைதான், ஆனால் பெயர் வேறு. குர்ஆனில் 17:79 வசனத்தில் இச்சொல் ஏவலாகவே வருகிறது.

தமிழில் சிலர் இதை 'நள்ளிரவுத் தொழுகை' என்று எழுதுகிறார்கள். அது நேரத்தைத் தவறாகக் காட்டுகிறது. வைகறை என்றால் சுப்ஹுடன் குழம்பும். 'பின்னிரவுத் தொழுகை' என்பதே பொருந்தும். ஏனெனில் இதற்கு மிகச் சிறந்த நேரம் இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கு.

அதைக் கணக்கிட 12 மணியிலிருந்து எண்ணக்கூடாது. மக்ரிபிலிருந்து சுப்ஹு வரை எண்ண வேண்டும். சென்னையில் மக்ரிப் 5:45, சுப்ஹு 4:45 என்று வைத்துக்கொள்வோம். இரவு 11 மணி நேரம். மூன்றில் ஒரு பங்கு 3 மணி 40 நிமிடம். ஆகவே 1:05க்குக் கடைசிப் பங்கு தொடங்கும். அது முடியும் நேரத்தை அறியப் பாங்கை நம்பியிருக்க வேண்டாம். சில பள்ளிவாசல்களில் நேரம் நுழைந்து சற்றுப் பிந்தியே பாங்கு சொல்வார்கள். அட்டவணையில் உள்ள சுப்ஹு நேரத்தைப் பாருங்கள்.

4 மணிக்கு எழுந்தவர் முதலில் இரண்டு ரக்அத்தைச் சுருக்கமாகத் தொழுவது நபிவழி. பிறகு இரண்டிரண்டாகத் தொழுது ஸலாம் கொடுக்கலாம். நபி (ஸல்) அவர்கள் ரமலானிலும் மற்ற மாதங்களிலும் 11 ரக்அத்துக்கு மேல் தொழுததில்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள்: எட்டும், இறுதியில் ஒற்றைப்படையாகத் தொழும் வித்ரு மூன்றும். இரண்டே தொழுதாலும் தஹஜ்ஜுத் நிறைவேறும். 4:35 ஆகிவிட்டால் நீண்ட சூராவை விட்டுவிட்டு வித்ருக்குப் போய்விட வேண்டும். ஹனஃபிகள் மூன்றையும் ஒரே ஸலாமில் தொழுவார்கள்; ஷாஃபிகள் இரண்டும் ஒன்றுமாகப் பிரிப்பது வழக்கம். இஷாவுடனேயே வித்ரு தொழுதுவிட்டவர் மறுபடி தொழக் கூடாது. 'ஒரே இரவில் இரண்டு வித்ரு இல்லை' என்பது ஹதீஸ். அவர் இரட்டை ரக்அத்துகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கண் விழித்ததும் ஓதுவது: 'அல்ஹம்து லில்லாஹில்லதீ அஹ்யானா பஃத மா அமாத்தனா வஇலைஹின் நுஷூர்'. மரணம் போன்ற உறக்கத்துக்குப் பின் உயிர்ப்பித்த இறைவனுக்கே புகழ், அவனிடமே மீள எழுப்பப்படுதல் என்பது கருத்து. பிறகு ஆல இம்ரானின் 190ஆம் வசனம் முதல் கடைசி வரை ஓதுவார்கள். சொந்தத் தேவைகளை ஸஜ்தாவில் கேட்கலாம். வித்ரின் ஸலாமுக்குப் பின் 'ஸுப்ஹானல் மலிகில் குத்தூஸ்' மூன்று முறை.

தூக்கமோ நோயோ இரவுத் தொழுகையைத் தவறவிடச் செய்தால், நபி (ஸல்) பகலில் 12 ரக்அத் தொழுவார்கள். வழக்கமாகத் தொழுபவர் எழ முடியாத நாளில் சூரியன் உயர்ந்த பிறகு, லுஹருக்கு முன் அதை இரட்டைப்படை ரக்அத்துகளாகத் தொழுதுகொள்ளலாம்.