சாக்கி: ஹாபிஸின் ஓர் ஈரடியும் மது வார்ப்பவரின் பெயரும்

பாரசீகக் கஜல் பாடல்களில் கவிஞர் அடிக்கடி விளித்துப் பேசும் ஒருவருக்குச் ‘சாக்கி’ என்று பெயர். அவையிலோ மதுக்கூடத்திலோ கிண்ணத்தில் மதுவை வார்த்துத் தருபவர் அவர். 14ஆம் நூற்றாண்டில் ஷிராஸ் நகரில் வாழ்ந்த ஹாபிஸின் பாடல் தொகுப்பு, மரபான பதிப்புகளில், சாக்கியை அழைக்கும் ஓர் அரபுத் தொடரோடுதான் தொடங்குகிறது. தமிழில் இச்சொல்லைச் சிலர் ‘சாகி’ என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால், நம் கீர்த்தனைகளிலும் திரைப்பாடல்களிலும் தோழியைக் குறிக்கும் வடசொல்லான ‘சகி’யின் நினைவு வந்து குழப்பம் உண்டாகிறது. மூலச் சொல்லில் உள்ள அழுத்தமான ககரத்துக்கும் ‘சாக்கி’ என்பதே நெருங்கி வருகிறது. இந்த எழுத்துமுறையால் இன்னொரு நன்மையும் உண்டு; அதைக் கீழே காணும் ஈரடி காட்டும்.

இது அரபுச் சொல். ‘நீர் புகட்டு, நீர் பாய்ச்சு’ என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்து, ‘புகட்டுபவர்’ என்ற பொருளில் பாரசீகத்துக்குள் வந்தது. வயலுக்கு நீர் கொண்டு செல்லும் வாய்க்காலையும் நீர் இறைக்கும் சக்கரத்தையும் குறிக்கும் ‘சாக்கியா’ என்ற அரபுச் சொல்லும் அதே வேரைச் சேர்ந்ததுதான். சொர்க்கத்தில் நல்லோருக்கு அவர்களுடைய இறைவன் தூய பானத்தைப் புகட்டுவான் என்று குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் கூறும் இடத்திலும் இவ்வேரிலிருந்து வந்த வினையே நிற்கிறது. ஆகவே, மதுக்கூடத்து ஏவலாளைக் குறிக்கும் அதே சொல், வயலுக்கு நீர் விடுபவரையும் இறைவனையும் ஏற்கத்தக்க அகலம் உடையதாகப் பிறப்பிலேயே இருக்கிறது.

பாரசீக அரசவைகளில் மது வார்த்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். கஜ்னியை ஆண்ட கஜ்னவிகள் காலத்து அவைகளில் துருக்கிய அடிமை வீரர்கள் இப்பணியைச் செய்தார்கள். போரில் வில்லேந்தியவனே விருந்தில் கிண்ணம் ஏந்தினான். இதனால் பாரசீகக் கவிதையில் காதலுக்கு உரியவரை வருணிக்கும் சொற்கள் படைக்கருவிகளின் வாடையோடு வருகின்றன: புருவம் வில், இமை அம்பு, பார்வை கொள்ளை. ‘துருக்கியர்’ என்ற இனப்பெயரே ‘அழகும் கொடுமையும் உடைய காதலுக்குரியவர்’ என்ற பொருளைப் பெற்றுவிட்டது. சாக்கியும் காதலுக்குரியவரும் பல பாடல்களில் ஒரே ஆளாகிவிடுவதற்கு இதுவே காரணம். பாரசீக மொழியில் பால் வேறுபாடு இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கேட்பவர் ஆண் என்றோ பெண் என்றோ அரசர் என்றோ இறைவன் என்றோ தாமே கொள்ளலாம்.

ஹாபிஸின் பாடல்களுள் ஆங்கிலத்தில் மிகப் பழைய காலத்திலேயே புகழ்பெற்ற ஒன்று, ஷிராஸ் நகரத்துத் துருக்கியர் என் உள்ளத்தைக் கையிலேற்றால், அவர் முகத்து மச்சம் ஒன்றுக்காகச் சமர்கந்தையும் புகாராவையும் கொடுத்துவிடுவேன் என்று தொடங்குவது. அதன் இரண்டாம் ஈரடியில் சாக்கி வருகிறார்:

பதே சாக்கீ மயே பாக்கீ கி தர் ஜன்னத் நகாஹீ யாஃப்த்
கினாரே ஆபே ருக்னாபா தொ குல்கஷ்தே முசல்லா ரா

‘பதே’ என்றால் தா. ‘மய்’ என்றால் மது; பழைய ஈரானிய மொழியின் ‘மது’வே தேய்ந்து இப்படியாயிற்று, அது வடமொழி வழியாக நமக்கு வந்த ‘மது’வின் உடன்பிறப்பு. ‘ஜன்னத்’ சொர்க்கம். ‘நகாஹீ யாஃப்த்’ என்றால் நீ காணமாட்டாய். பின்னடியில் ருக்னாபாத் நீரின் கரையும் முசல்லாவின் ‘குல்கஷ்த்’தும் வருகின்றன. ‘குல்’ என்பது நாம் உண்ணும் குல்கந்தில் இருக்கும் ரோஜாதான், ‘கஷ்த்’ உலாவுதல். இரண்டும் சேர்ந்து மலர்களினூடே உலவும் இடமாகிறது.

நின்று பார்க்க வேண்டிய சொல் ‘பாக்கி’. தமிழ்நாட்டில் மளிகைக் கடைக் கணக்கு முதல் வரித் தண்டல் வரை வழங்கும் பாக்கி இதேதான். அரபு பாரசீக ஆட்சிச் சொற்களோடு நம்மிடம் வந்தது. நாம் எடுத்துக்கொண்டது ‘எஞ்சியது’ என்ற பொருளை மட்டும். மூலத்தில் ‘என்றும் நிலைப்பது’ என்ற பொருளும் உண்டு. இறைவனின் திருநாமங்களுள் ஒன்று ‘அல்பாக்கி’. தன்னை இழந்தபின் இறைவனில் நிலைபெறுவதைச் சூஃபிகள் ‘பகா’ என்பதும் இந்த வேரிலிருந்துதான். எனவே ‘மயே பாக்கி’ என்பது குடுவையின் அடியில் கிடக்கும் மிச்ச மது. அழியா மதுவும் அதுவே. ‘சாக்கீ’, ‘பாக்கீ’ என்ற உள்ளெதுகை இந்த இரட்டைப் பொருளின் மேல் காதை நிறுத்துகிறது.

யாப்பும் நமக்கு அந்நியமன்று. பாரசீக இலக்கணத்தார் ‘ஹசஜ்’ என்று சொல்லும் இச்சந்தத்தின் அடிப்படை ‘மஃபாஈலுன்’. நம் அலகிடுதலின்படி அது நிரை நேர் நேர், அதாவது புளிமாங்காய். ‘பதே சாக்கீ’ ஒரு புளிமாங்காய், ‘மயே பாக்கீ’ இன்னொன்று; ஓரடிக்கு நான்கு. இணைப்பு எகரங்களைத் தேவைப்பட்ட இடத்தில் நீட்டிப் படித்தால் பின்னடியும் இப்படியே நிற்கும். சீரின் முழு அளவும் இரண்டு எதுகைச் சொற்களோடு முடிவதால்தான் அந்த அழைப்பு பாடலாக ஒலிக்கிறது.

இனி அடிகளின் வாதம். சொர்க்கத்தில் மது கிடைக்காது என்று ஹாபிஸ் சொல்லவில்லை. அங்கே பருகுவோருக்கு இன்பம் தரும் மது ஆறுகள் உண்டு என்று குர்ஆனே சொல்கிறது. குர்ஆனை மனனம் செய்தவர் என்பதால் ஹாபிஸ் என்று பெயர்பெற்றவருக்கு அது தெரியாததன்று. அங்கே இல்லாதவை ருக்னாபாத்தின் கரையும் முசல்லாவின் உலாவிடமும் என்பதே அவர் வாதம். ருக்னாபாத், 10ஆம் நூற்றாண்டில் புவைஹி மரபு அரசர் ருக்னுத்தௌலா ஷிராஸின் வடபுறத்தில் வெட்டுவித்த நிலத்தடி வாய்க்காலின் நீர். முசல்லா என்றால் தொழும் இடம். தமிழ் முஸ்லிம்கள் தொழுகை விரிப்பை முஸல்லா என்பது இச்சொல்லே. நகருக்கு வெளியே இருந்த அந்தத் தொழுகைத் திடலைச் சூழ்ந்த தோட்டங்களில்தான் ஹாபிஸ் பின்னாளில் அடக்கமானார். விலக்கப்பட்ட மதுவைத் தொழுமிடத்தின் பெயரருகே வைத்துக் கேட்பதில் ஒரு குறும்பு இருக்கிறது. நீர் பாய்ச்சும் வேரிலிருந்து வந்த சாக்கியும், நீர் கொண்டுவரும் வாய்க்காலும் ஒரே ஈரடியில் நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மது எதைக் குறிக்கிறது என்ற கேள்விக்கு ஹாபிஸுக்கு முன்பே விடை எழுதியவர்கள் உண்டு. சூஃபிக் கவிஞர் ஷபிஸ்தரி 1317 அளவில் இயற்றிய ‘குல்ஷனே ராஸ்’, வினாவிடை முறையில், மது, விளக்கு, அழகர் என்ற சொற்களால் ஞானியர் கருதுவது என்ன என்று விளக்குகிறது. அந்த மரபின்படி மது, ‘நான்’ என்பதைக் கரைக்கும் இறைக்காதல். சாக்கி, அதை அருளும் குருவோ இறைவனோ. காதலுக்குரியவரின் முகம், இறை வெளிப்பாடு. இந்த அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் நேர்ப்பொருள் இட்டுப் படித்தால் நம் ஈரடி இடறிவிடும். மது இறைக்காதல் என்றால், அதைச் சொர்க்கத்தைவிட ஒரு வாய்க்கால் கரையில் தேடுவானேன்? ‘மிச்ச மது’ என்று மட்டும் படித்தாலும், ‘பாக்கி’யின் மறுபாதி வீணாகிறது. கஜல் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லவில்லை. இந்த மாலையும் இந்தக் கரையும் அழியக்கூடியவை, அவற்றில் வார்க்கப்படுவது மட்டும் அழியாதது என்று இரண்டையும் சேர்த்துப் படிக்கையில்தான் வாதம் நிற்கிறது.

ஆங்கிலத்தில் இதைப் பெயர்த்தவர்களின் இடர்ப்பாடு இங்கேதான் தெரிகிறது. வில்லியம் ஜோன்ஸ் 1771இல் வெளியிட்ட பாரசீக இலக்கண நூலில் இப்பாடலை ஈரடிக்கு ஆறு வரியாக விரித்தார். சாக்கி அவரிடம் வெறும் ‘பாய்’, அதாவது பையன், ஆனார். மது ‘உருகிய மாணிக்கம்’ ஆயிற்று. மூலத்தில் இல்லாத, முகஞ்சுளிக்கும் மதவாதிகள் உள்ளே வந்தார்கள். ‘பாக்கி’ காணாமல் போயிற்று. முதல் ஈரடியின் துருக்கியரை அவர் இனிய கன்னியாக்கியதால் காதலுக்குரியவர் பெண்ணாகவும் மது வார்ப்பவர் ஆணாகவும் பிரிந்துவிட்டார்கள். 1897இல் கெர்ட்ரூட் பெல் கிண்ணம் ஏந்துபவர் என்னும் பொருளுள்ள ‘கப்பேரர்’ என்று விளித்து, உன் மதுவில் எஞ்சியதெல்லாம் கொண்டுவா என்றார். எஞ்சியது வந்தது, நிலைப்பது வரவில்லை. ‘கப்பேரர்’ அரண்மனைப் பதவியின் பெயர். அவரிடம் யாரும் காதல் கொள்வதில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு ஒரு வழி தற்செயலாகவே இருக்கிறது. ‘கடைசி’ என்னும் பொருளுள்ள ‘லாஸ்ட்’டும் ‘நிலைத்திரு’ என்னும் பொருளுள்ள ‘லாஸ்ட்’டும் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து ஒரே ஒலியில் முடிந்தவை. அதனால், ‘வார்’ என்னும் பொருளுள்ள ‘போர்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கி இப்படிப் பெயர்க்கலாம்:

போர், சாக்கி, த லாஸ்ட் ஆஃப் த லாஸ்டிங் வைன். இன் ஹெவன் யூ வில் நாட் ஃபைண்ட்
ருக்னாபாத்ஸ் வாட்டர்ஸ் எட்ஜ், ஆர் முசல்லாஸ் வாக் ஆஃப் ரோஸஸ்.

உள்ளெதுகை இதில் இல்லை. ஆனால் இரு பொருளும் ஒரே தொடரில் நிற்கின்றன. விளியும் முன்னிலையுமாக இருப்பதால் பால் காட்டும் சொல்லும் தேவைப்படவில்லை. சாக்கியை மொழிபெயர்க்காமல் விட்டது சோம்பலால் அன்று. உமர் கய்யாமின் பாடல்களைப் பெயர்த்த ஃபிட்ஜெரால்டு தம் பிந்தைய பதிப்புகளில் அச்சொல்லை அப்படியே வைத்ததால் ஆங்கில வாசகருக்கு அது ஏற்கெனவே பழக்கமானது. ஊர்ப்பெயர்களையும் மாற்றக் கூடாது. ‘நகரின் ஓடை’, ‘மலர்ச்சோலை’ என்று பொதுவாக்கினால், எல்லாச் சோலைகளும் உள்ள சொர்க்கத்தில் அதுவும் இருக்குமே என்று கேட்பவர் சொல்லிவிடுவார்.

தமிழில் நேர்ச்சொல் என்ன? நக்கீரர் பாடிய புறநானூறு 56, யவனர் தந்த தண்கமழ் தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி ஒண்தொடி மகளிர் மடுப்ப மகிழும் பாண்டியனைக் காட்டுகிறது. ‘மடுத்தல்’ பருகச் செய்தல். அரபு வேரின் ‘புகட்டுதல்’ அதில் முழுமையாக இருக்கிறது. ஆனால் ‘தேறல் மடுப்போன்’ இன்றைய காதுக்குப் புலமை மணக்கும் தொடர். அங்கே மடுத்தவர்கள் மகளிர், பாடலின் தலைவன் அரசன், வார்ப்பவரை யாரும் விளிக்கவில்லை. உரைநடையில் ‘மது வார்ப்பவர்’ போதும். உயர்வுப் பன்மை பாலை மறைத்துவிடும். பாட்டில் ‘சாக்கி’ என்றே வைத்து முதல் வருகையில் ஒரு குறிப்புத் தருவது நல்லது. தமிழ் முன்னிலையில் ஆண்பால் பெண்பால் பிரிவு இல்லாததால் ‘வார்’ என்ற ஓர் ஏவல், பாரசீகத்தின் மறைவை அப்படியே காக்கும். அவ்வாறு பெயர்த்தால்:

பாக்கி மதுவை வார்த்திடு சாக்கி. சொர்க்கத்தில் நீ காண்பதில்லை
ருக்னாபாத் நீர்க்கரையும் முசல்லாவின் ரோஜா உலாவிடமும்.

எதுகை இழப்பின்றி வந்துவிட்டது. ஆனால் தமிழ்க் காதில் ‘பாக்கி’ கடனையும் நிலுவையையும் தான் முதலில் எழுப்பும். ‘அழியாத’ என்ற பொருளுக்கு அடிக்குறிப்பின் துணை வேண்டும். அடிக்குறிப்பு கூடாது என்பவர் ‘எஞ்சிநிற்கும் மது’ என்று எழுதலாம். ‘நிற்கும்’ என்பதில் நிலைபேறு ஓரளவு ஒலிக்கும், எதுகை போய்விடும்.