விஎம்சியின் அடுத்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெறும்?

கோவையில் சிறு இன்ஜினியரிங் யூனிட்களுக்குச் செலவுக் கணக்கு பார்க்கிறேன். ஆர்டர் குவியும் மாதங்களில் முதலாளிகளிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: உலோகத்தைச் செதுக்கும் கம்ப்யூட்டர் மில்லிங் மெஷினான விஎம்சியில் நேரம் போதவில்லை, வெளியே மணி வாடகைக்கு எடுக்கலாமா? கேட்கிறவர் மனதில் ஏற்கெனவே ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் அந்த எண் தப்பாக இருக்கிறது, அதை நம்பித்தான் பணமும் போகிறது.

ஒரு யூனிட்டின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எண்களைப் புரிவதற்கு எளிதாக மாற்றியிருக்கிறேன். பம்ப் ஹவுசிங், வால்வு பாடி என இரண்டு பொருள்கள். ஹவுசிங் ஒன்றுக்கு விஎம்சியில் 1 மணி, சிஎன்சி லேத்தில் 1 மணி ஆகும். வால்வு பாடிக்கு விஎம்சியில் அரை மணி, லேத்தில் 1 மணி. விற்பனை விலையிலிருந்து வார்ப்பு, டூல், கரண்ட் செலவைக் கழித்தால் ஹவுசிங்கில் 700 ரூபாயும் வால்வு பாடியில் 500 ரூபாயும் நிற்கும். இதுதான் பங்களிப்பு. ஆட்களுக்கு மாதச் சம்பளம் என்பதால் கூலியை இதில் கழிக்கவில்லை. மாதத்துக்கு விஎம்சி 400 மணி, லேத் 600 மணி. ஹவுசிங் வாங்குகிறவர் மாதம் 300-க்கு மேல் எடுக்கமாட்டார். வால்வு பாடி எவ்வளவு கொடுத்தாலும் போகும். மாதத்துக்குச் செய்யும் ஹவுசிங் x, வால்வு பாடி y என்று வைத்தால் கணக்கு இது:

```
700x + 500y   → அதிகபட்சம்
x + 0.5y ≤ 400   (விஎம்சி)
x + y ≤ 600      (லேத்)
x ≤ 300          (ஹவுசிங் தேவை)
```

விடை: ஹவுசிங் 200, வால்வு பாடி 400. மொத்தப் பங்களிப்பு 3,40,000 ரூபாய். இரண்டு மெஷினும் முழுக்க ஓடுகின்றன.

இந்த இடத்தில் முதலாளி கேட்டது: "மூணு லட்சத்து நாப்பதாயிரத்தை நானூறு மணியால வகுத்தா எண்ணூத்தம்பது வருதுங்க சார். வெளிய ஐநூத்தம்பதுக்குத் தர்றாங்க. எடுத்தா மணிக்கு முந்நூறு லாபந்தானுங்களே?"

வகுத்தது சரி. ஆனால் 850 என்பது ஏற்கெனவே ஓடிய 400 மணிகளின் சராசரி. வாங்கப்போவது 401-வது மணி. அது கிடைத்தால் ஷாப்பில் என்ன மாறும் என்றுதான் பார்க்க வேண்டும். லேத்தில் இடமில்லை, அதனால் மாதத்துக்கு 600 பீஸுக்கு மேல் எதுவும் வெளியே வராது. கூடுதல் விஎம்சி நேரத்தால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: சில வால்வு பாடிகளை நிறுத்திவிட்டு அந்த லேத் நேரத்தில் ஹவுசிங் செய்யலாம். அப்படி ஒரு பீஸை மாற்றினால் 200 ரூபாய் கூடுகிறது, அதற்கு அரை மணி விஎம்சி கூடுதலாகத் தேவை. ஒரு மணி இருந்தால் இரண்டு பீஸை மாற்றலாம். ஆக அந்த மணியால் வருவது 400 ரூபாய், 850 அல்ல. இதைத்தான் நிழல் விலை என்கிறோம். எந்த பில்லிலும் வராத விலை, சிறந்த உற்பத்திக் கலவைக்குள்ளிருந்து கணக்கு தானாகக் காட்டும் விலை. 1930-களின் இறுதியில் லெனின்கிராடில் சோவியத் கணித அறிஞர் லியோனித் கண்டரோவிச் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகப் போட்ட கணக்கும் மெஷின் நேரத்தைப் பங்கிடும் கணக்குதான். அதிலிருந்தே இந்த மதிப்புகளை அவர் கண்டார்.

லேத்தில் காலி நேரம் இருந்திருந்தால் கதை வேறு. ஒரு விஎம்சி மணியில் இரண்டு வால்வு பாடி கூடுதலாக வந்து 1,000 ரூபாய் கிடைத்திருக்கும். ஒரு மெஷினின் மணி மதிப்பை அந்த மெஷினை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது.

சரி, 550 ரூபாய்க்கு வெளியே எடுக்கலாமா? 400-ஐ நேரடியாக 550-உடன் ஒப்பிடுவதும் தவறு. நம் விஎம்சி ஓடினால் மணிக்கு 120 ரூபாய் டூலும் கரண்டும் ஆகும் என்று பங்களிப்பில் ஏற்கெனவே கழித்துவிட்டோம். ஜாப் ஒர்க் செய்பவர் தன் டூல், தன் கரண்டில் ஓட்டினால் அந்த 120 நமக்கு மிச்சம். ஆகவே அதிகபட்சம் 520 ரூபாய் வரை தரலாம். 550 என்றால் மணிக்கு 30 நஷ்டம். பேசிப் பேசி 480-க்கு வந்தால் மணிக்கு 40 நிற்கும். ஆனால் வார்ப்புகளை ஏற்றி இறக்கும் டெம்போ வாடகை இன்னும் கழிக்கப்படவில்லை. அங்கே ஒரு ஹவுசிங் ரிஜெக்ட் ஆனால் வார்ப்பின் விலையும் போகிறது. இவ்வளவு மெல்லிய லாபத்துக்கு நான் வெளியே அனுப்பச் சொல்ல மாட்டேன்.

சொந்த மெஷினையே ஓவர்டைமில் ஓட்டினால்? டூலும் கரண்டும் கழித்த பிறகே 400 நிற்கிறது. எதிரே வைக்க வேண்டியது கூடுதல் கூலி மட்டும். ஆபரேட்டருக்கு மணிக்கு 100 ரூபாய் என்றால், சட்டப்படி ஓவர்டைமுக்கு இருமடங்கு, 200. மணிக்கு 200 ரூபாய் மிச்சம். தாராளமாகச் செய்யலாம். காலாண்டுக்கு இவ்வளவுதான் என்று சட்டத்தில் வரம்பு இருப்பதால் ஒரே ஆபரேட்டர் மேல் எல்லாவற்றையும் ஏற்றக்கூடாது.

எத்தனை மணி என்பதும் முக்கியம். ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் 2 ஹவுசிங் கூடுகிறது. 200-இலிருந்து தேவையின் எல்லையான 300-ஐத் தொட 50 மணி போதும். 451-வது மணியிலிருந்து மதிப்பு பூஜ்யம்: ஹவுசிங் வாங்க ஆளில்லை, வால்வு பாடிக்கு லேத் இல்லை. எக்செல் `Solver`-இல் `Simplex LP` தேர்ந்து தீர்த்தபின் `Sensitivity Report` எடுத்தால், விஎம்சி வரியில் `Shadow Price` 400 என்றும் `Allowable Increase` 50 என்றும் வரும். முதல் எண்ணை மட்டும் பார்த்து 100 மணி பேசி முடித்தவர்கள் உண்டு. பீஸ் எண்ணிக்கை முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று `int` நிபந்தனை போட்டால் இந்த அறிக்கை கிடைக்காது. நிழல் விலை பார்க்கும்போது அதை எடுத்துவிடுங்கள்.

நான் அடிக்கடி திருத்தும் தவறு வேறொன்று. பங்களிப்புக்குப் பதிலாக, விஎம்சியின் லோன் தவணையையும் தேய்மானத்தையும் விஎம்சி மணிக்கு 250 ரூபாய் என்று பங்கிட்டுக் கழித்த லாபத்தைக் கணக்கில் போடுகிறார்கள். ஹவுசிங் 450, வால்வு பாடி 375 என்று ஆகிவிடும். கலவை மாறாது, அதே 200-உம் 400-உம்தான் வரும். அதனால் சந்தேகமே எழாது. ஆனால் விஎம்சி நிழல் விலை 150-க்கு இறங்கிவிடும். 200 ரூபாய் ஓவர்டைம் கட்டாது என்று மறுத்துவிடுவார்கள். மெஷின் ஓடினாலும் நின்றாலும் தவணை கட்டித்தானே ஆக வேண்டும்? அதைக் கழித்ததால், கையில் வரவேண்டிய மணிக்கு 200 ரூபாய், 50 மணிக்கு 10,000 ரூபாய், வராமலே போகிறது.

இந்த 400 நிலையானதும் அல்ல. ஹவுசிங் வாங்குகிறவர் அடுத்த மாதம் தரும் ஷெட்யூல் 180-க்கு இறங்கினால் சிறந்த கலவை ஹவுசிங் 180, வால்வு பாடி 420. விஎம்சிக்கு 390 மணி போதும், 10 மணி சும்மா நிற்கும், நிழல் விலை பூஜ்யம். அந்த மாதம் ஓவர்டைமும் வேண்டாம். ஜாப் ஒர்க் செய்பவர்கள் விலையைக் குறைத்துக்கொண்டு, ஒரு வருடத்துக்கு மாதம் குறைந்தபட்சம் இத்தனை மணி எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்பார்கள். ஷெட்யூல் இப்படி ஏறி இறங்கும் யூனிட்களில் 450 ரூபாய்க்குக் கிடைத்தாலும் அதில் கையெழுத்திட வேண்டாம் என்றே சொல்கிறேன். மாதா மாதம் ஷெட்யூல் வந்தவுடன் கணக்கை மறுபடி ஓட்டி, அந்த மாதத்துக்கு மட்டும் மணி பேசுங்கள்.