எண் உள்ளே போகும்போது அடைப்புக்குறியும் கூடப் போகட்டும்

x = −2/3, y = −1/2 எனில் 3x² − 2xy − y² என்ற கோவையின் மதிப்பு என்ன?

பயிற்சித்தாளில் ஒரே வரியில் அடங்கிவிடும் கணக்கு இது. சரியான விடை 5/12. ஆனால் தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் 37/12, −9/4, 11/12, 7/4 என்றெல்லாம் விடைகள் வரும். இவற்றை எழுதியவர்களுக்குப் பெருக்கல் தெரியாது என்றோ, பின்னங்களைக் கூட்டத் தெரியாது என்றோ சொல்லிவிட முடியாது. அந்த வேலையையெல்லாம் பெரும்பாலும் ஒழுங்காகவே செய்திருப்பார்கள். தவறு அதற்கு முன்பே நடந்திருக்கும்: எழுத்தை எடுத்துவிட்டு எண்ணை வைத்த இடத்தில்.

x என்ற எழுத்தை ஒரு பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். −2/3 என்ற மதிப்பு, அதன் கழித்தல் குறி, தொகுதி, பகுதி எல்லாம் சேர்த்துக் கட்டிய பொட்டலம். x² என்றால் அந்தப் பொட்டலம் முழுவதையும் அதனாலேயே பெருக்கு என்று பொருள். எழுத்தாக இருக்கும்வரை இதில் குழப்பமே வராது. ஒற்றை எழுத்தைப் பிரித்துப் பார்க்க முடியாதல்லவா? எழுத்தை நீக்கி அதே இடத்தில் −2/3 என்று எழுதிய உடனே பொட்டலம் அவிழ்ந்துவிடுகிறது. கழித்தல் குறி ஒரு பக்கம், 2 ஒரு பக்கம், 3 ஒரு பக்கம். மேலே இருக்கும் சின்ன 2 இவற்றில் எதைப் பிடித்துக்கொள்வது? அருகில் இருக்கும் 3ஐ மட்டும் பிடித்துக்கொள்ளும். அவிழ்ந்ததைத் திரும்பக் கட்டுகிற கயிறுதான் அடைப்புக்குறி.

இதைக் கணினியிலேயே பார்க்கலாம். பைத்தான் மொழியில் இந்த மூன்று வரிகளை அடித்துப் பாருங்கள்.

```
x = -3
print(x**2)    # 9
print(-3**2)   # -9
```

இரண்டாவது வரியில் x ஒரு பொட்டலம். அதன் வர்க்கம் 9. மூன்றாவது வரியில் எழுத்து இல்லை, எண் நேரடியாக நிற்கிறது. அங்கே அடுக்கு 3ஐ மட்டும் வர்க்கமாக்குகிறது, கழித்தல் குறி அதற்குப் பிறகே வேலை செய்கிறது. x இருந்த இடத்தில் −3 என்று அப்படியே எழுதுவது பிரதியிடுதல் ஆகாது. (−3) என்று எழுதுவதுதான் பிரதியிடுதல்.

−3² ஏன் −9 ஆக இருக்க வேண்டும், 9 ஆக இருந்தால் என்ன என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. நல்ல கேள்வி. 5 − 3² எவ்வளவு என்றால் யாரும் தயங்காமல் 5 − 9 = −4 என்பார்கள். இப்போது உறுப்புகளின் வரிசையை மாற்றி −3² + 5 என்று எழுதினால் விடை மாறலாமா? கூடாது, அதே −4 வரவேண்டும். அப்படி வரவேண்டுமானால் −3² என்பது −9 ஆகத்தான் இருந்தாக வேண்டும். வர்க்கம் முதலில், கழித்தல் குறி பிறகு என்ற வழக்கம் இருப்பதால்தான் உறுப்புகளை இடம் மாற்றி எழுதினாலும் கோவையின் மதிப்பு குலையாமல் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், எக்செல் இந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. ஒரு கட்டத்தில் `=5-3^2` என்று அடித்தால் −4 வரும். `=-3^2+5` என்று அடித்தால் 14 வரும்! எண்ணுக்கு முன்னால் முதலில் நிற்கும் கழித்தல் குறியை அது எண்ணோடு ஒட்டிவிட்டுப் பிறகுதான் வர்க்கமாக்குகிறது. விடையை எக்செல்லில் சரிபார்க்கிறவர்கள் `=-(3^2)+5` என்று அடைப்புக்குறி போட்டே அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சரியாகப் போட்ட கணக்கைத் தவறென்று அடித்துவிடுவார்கள்.

இனி நம் கணக்குக்கு வருவோம். எந்தப் பெருக்கலையும் தொடங்குவதற்கு முன், எழுத்து நின்ற ஒவ்வொரு இடத்திலும் வெறும் அடைப்புக்குறியை வைத்து, அதற்குள் மதிப்பை எழுத வேண்டும்:

3(−2/3)² − 2(−2/3)(−1/2) − (−1/2)²

இந்த வரியில் எதையும் சுருக்கக்கூடாது. மனத்திலேயே ஒரு குறியை மாற்றிவிட்டு எழுதுகிற கை சுறுசுறுப்பான கைதான், ஆனால் பாதித் தவறுகள் அந்தச் சுறுசுறுப்பில்தான் பிறக்கின்றன.

முதல் உறுப்பில் (−2/3)² என்பது (−2/3) × (−2/3), அதாவது 4/9. அதை 3ஆல் பெருக்கினால் 4/3. இரண்டாவதில் மூன்று காரணிகள்: −2, −2/3, −1/2. பின்னங்கள் இரண்டின் பெருக்கற்பலன் +1/3. அதை −2ஆல் பெருக்கினால் −2/3. மூன்றாவதில் (−1/2)² = 1/4, அதற்கு முன்னால் கோவையிலேயே இருக்கும் கழித்தல் குறி அசையாமல் நிற்கிறது; ஆக −1/4. மூன்றையும் சேர்த்தால் 4/3 − 2/3 − 1/4. அதாவது 2/3 − 1/4. பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு 12 என்பதால் 8/12 − 3/12 = 5/12.

இப்போது அந்தத் தவறான விடைகளைப் பார்ப்போம். ஒவ்வொன்றும் எங்கே வழுக்கியது என்று தானே காட்டிக்கொடுக்கிறது.

37/12 எழுதியவர் (−2/3)² என்பதில் தொகுதியை மட்டும் வர்க்கமாக்கி 4/3 என்று எடுத்துக்கொண்டார். அதனால் முதல் உறுப்பு 4 ஆகிவிட்டது. அடுக்கு பின்னம் முழுவதற்கும் உரியது, பகுதியும் வர்க்கமாக வேண்டும் என்பதை அவருடைய எழுத்து மறைத்துவிட்டது. −9/4 எழுதியவர் அளவைச் சரியாக வர்க்கமாக்கினார். குறியை வெளியே விட்டுவிட்டார். அவருக்கு முதல் உறுப்பு −4/3.

11/12 எழுதியவருடைய தவறு இதற்கு நேர்மாறானது, எனக்குச் சுவையாகப்படுவதும் அதுதான். "மைனஸின் வர்க்கம் ப்ளஸ்" என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, −y² என்பதில் முன்னால் இருக்கும் கழித்தல் குறியையும் சேர்த்து வர்க்கமாக்கி +1/4 ஆக்கிவிட்டார். அந்தக் குறி y என்ற பொட்டலத்துக்குள் இருந்ததே இல்லை, கோவைக்குச் சொந்தமானது. பொட்டலத்துக்குள் இருக்கும் குறி வேறு, வெளியே நிற்கும் குறி வேறு. (−1/2)² இல் உள்ளே இருப்பது ப்ளஸாக மாறுகிறது, வெளியே இருப்பது அப்படியே இருக்கிறது. அரைகுறைச் சூத்திரம் ஒன்று மனப்பாடமாகிவிட்டால் இப்படித்தான் ஆகும். அதைக் கற்பிக்காமலே இருந்திருக்கலாம்.

இதற்குச் சொந்தக்காரத் தவறு ஒன்று, −x என்று பார்த்தவுடனே அதைக் குறை எண் என்று நினைப்பது. x = −1/2 என்றால் −x = −(−1/2) = 1/2. −x என்பது x இன் எதிர்மறை, அவ்வளவுதான். அது மிகையா குறையா என்பதை x தான் முடிவு செய்யும்.

கலப்புப் பின்னம் வந்தால் பொட்டலத்துக்குள் இன்னொரு முடிச்சு. −1½ என்பது −(1 + ½). கழித்தல் குறி இரண்டு பகுதிக்கும் பொது. அதை −1 + ½ என்று படித்தால் மதிப்பு −½ ஆகிவிடும். 4x இல் x = 1½ என்று வைக்கும்போது 41½ என்று ஒட்டி எழுதிவிடுகிறவர்களும் உண்டு. கலப்புப் பின்னத்தைத் தகாப் பின்னமாக, 3/2 என்றோ −3/2 என்றோ மாற்றிய பிறகே உள்ளே விட வேண்டும். அப்படிச் செய்தால் (−3/2)² = 9/4 என்று நேராக வரும்; 1ஐயும் ½ஐயும் தனித்தனியே வர்க்கமாக்கி 1¼ எழுதும் ஆசை வராது.

விடை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே வழியில் இன்னொரு முறை போட்டால் அதே பள்ளத்தில் இன்னொரு முறை விழலாம். வேறு வழியில் போக வேண்டும். நம் கோவையைக் காரணிப்படுத்தினால் (3x + y)(x − y). விரித்துப் பார்த்தால் 3x² − 3xy + xy − y², நம் கோவையேதான். இதில் மதிப்புகளை வைத்தால் முதல் காரணி 3(−2/3) + (−1/2) = −2 − 1/2 = −5/2. இரண்டாவது (−2/3) − (−1/2) = −2/3 + 1/2 = −1/6. பெருக்கினால் 5/12. இந்தப் பாதையில் வர்க்கமே இல்லை, அதனால் வர்க்கத்தில் செய்யும் தவறு இங்கே நடக்க வழியில்லை. இரண்டு பாதையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் நம்பலாம்.

எல்லாக் கோவையும் இப்படிக் காரணிப்படாது. அப்போது அளவைக் கணித்துப் பார்க்கலாம். x இன் அளவு 1ஐவிடச் சிறியது, ஆகவே x² உம் 1ஐவிடச் சிறியது, 3x² மூன்றைத் தாண்டாது. x, y இரண்டுமே குறை எண்கள் என்பதால் xy மிகை எண். எனவே −2xy, −y² இரண்டும் விடையைக் குறைக்கவே செய்யும். அப்படியானால் மூன்றைவிடப் பெரிய 37/12 பார்த்தவுடனே அடிபடுகிறது. −9/4, 11/12 இரண்டும் இந்தச் சல்லடையில் தப்பிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மிச்சம் இருப்பது 7/4. அது வரும் ஒரு வழி, −2xy என்பதில் மூன்று கழித்தல் குறிகளில் இரண்டை மட்டும் எண்ணி, "மைனஸும் மைனஸும் ப்ளஸ்" என்று +2/3 எழுதிவிடுவது. இன்னொரு வழி, y = −1/2 என்பதை y = 1/2 என்று தவறாகப் பார்த்து எழுதுவது; அப்போது 4/3 + 2/3 − 1/4, அதுவும் 7/4 தான். முதலாமவர் காரணி வழியில் சரிபார்த்தால் 5/12 வந்து தவறு தெரிந்துவிடும். இரண்டாமவருக்கு அந்த வழியிலும் (−3/2)(−7/6) = 7/4 என்றே வந்து, தன் விடை சரி என்று நிம்மதியாகத் தாளைக் கொடுத்துவிடுவார். இருவரில் யார் எதைச் செய்தார்கள் என்று விடையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அடைப்புக்குறிகளோடு எழுதிய அந்த முதல் வரி தாளில் இருந்தால், கடைசி அடைப்புக்குறிக்குள் (−1/2) இருக்கிறதா, (1/2) இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.